மலைப் பயிர் பேசும் தமிழ் பாட்காஸ்ட்: ஸ்பான்சரும் நேயர் ஆதரவும் வருமானமாக மாற எவ்வளவு காலம் ஆகும்?

பழனி மலையில் இருந்துகொண்டு தமிழில் பாட்காஸ்ட் நடத்தினால் காசு வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வரும், ஆனால் முதல் ஆண்டில் கையைவிட்டுத்தான் போகும். இரண்டாம் ஆண்டில் மாதச் செலவு போக கொஞ்சம் மிஞ்சும். மூன்றாம் ஆண்டின் நடுவில்தான் போட்ட பணம் முழுதாகத் திரும்பும். இந்தக் கணக்கு எப்படி வருகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசிவரை போட்டுக் காட்டுகிறேன்.

உதாரணத்துக்குத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பி, மிளகு விவசாயிகளுக்கான ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு பகுதி, இருபது நிமிடம். இந்த வாரம் தோட்டத்தில் என்ன வேலை, விலை எப்படி, யார் என்ன புதிதாகச் செய்து பார்த்தார்கள், அவ்வளவுதான். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

ஏன் இவ்வளவு குறுகிய தலைப்பு

கோடை பண்பலையின் 100.5 பழனி மலைமேல் கொடைக்கானலிலிருந்து ஒலிபரப்பாவதால் கீழே பல மாவட்டங்களுக்குப் பாட்டும் பேச்சும் போய்ச் சேருகிறது. எல்லோருக்குமான நிகழ்ச்சியை அது நன்றாகவே செய்கிறது. தனி ஆளாக நீங்கள் 'எல்லோருக்கும்' நிகழ்ச்சி செய்தால், உங்களுக்கு இருக்கும் நானூறு நேயர்கள் நானூறு விதமானவர்களாக இருப்பார்கள். அவர்களை வைத்து எந்தக் கடைக்காரரிடமும் பேச முடியாது. அதே நானூறு பேரில் பெரும்பாலானவர்கள் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்றால், மிளகு நாற்றுப் பண்ணைக்காரர் உட்கார்ந்து கேட்பார். சிறிய மொழிவட்டத்தில், சிறிய ஊரில், ஸ்பான்சர் பணம் கொடுப்பது எண்ணிக்கைக்கு அல்ல, கேட்பவர் யார் என்பதற்குத்தான். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

பெரிய பாட்காஸ்ட்டுகள் ஆயிரம் கேட்புக்கு இவ்வளவு என்று விலை பேசும். அந்த முறையை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு பகுதிக்கு 400 கேட்பு, எட்டு வாரத்துக்கு 3,200. ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்றே வைத்தாலும் இரண்டு மாத உழைப்புக்குக் கிடைப்பது 960 ரூபாய். பெட்ரோலுக்குக்கூடக் காணாது.

யூடியூப் விளம்பரப் பணத்தை நம்பி இறங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நம்முடைய கேட்பு முழுவதும் யூடியூபிலேயே நடக்கிறது என்றும், ஒவ்வொருவரும் சராசரியாக எட்டு நிமிடம் கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 52 பகுதி, பகுதிக்கு 400 பேர், எட்டு நிமிடம்: மொத்தம் சுமார் 2,770 மணி நேரம். ஓர் ஆண்டு தவறாமல் வேலை செய்தும் வாசலைத் தொடவில்லை. யூடியூபில் பகுதிகளைப் போடுங்கள், புது நேயர்கள் அங்கேதான் தேடி வருவார்கள். அதை வருமானமாக மட்டும் எண்ண வேண்டாம்.

முதல் நான்கு மாதம்: காசு பேச்சே வேண்டாம்

தொடங்க நல்ல மாதம் மார்ச். இந்த மலையில் காப்பிப் பழம் எடுப்பு நவம்பரில் பிடித்து பிப்ரவரி வரை இழுக்கும், மிளகுப் பறிப்பும் அதையொட்டியே வரும். அந்த நேரத்தில் யாருக்கும் புதிதாக எதையும் கேட்டுப் பழகப் பொழுதிருக்காது. மார்ச்சில் கை கொஞ்சம் ஓயும், காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழைக்காகக் காத்திருக்கும் நேரம், பேச விஷயமும் இருக்கும்.

வெளியிடும் முன் ஆறு பகுதிகளைப் பதிவு செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழையடித்தால் மின்சாரம் போகும், சாலை அடைபடும், பேட்டி கொடுப்பதாகச் சொன்னவர் தோட்டத்தில் ஆள் வந்துவிட்டதென்று வரமாட்டார். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தால்தான் பிறகு ஸ்பான்சரிடம் 'எட்டு வாரம், எட்டு பகுதி' என்று கை நீட்டி வாக்குக் கொடுக்க முடியும்.

உபகரணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் போதும்: ஒரு நல்ல மைக், சட்டையில் குத்தும் மைக் இரண்டு, காற்றுச் சத்தம் தடுக்கும் பஞ்சு உறை. தகரக் கூரை வீட்டில் மழைக்காலத்தில் பதிவு செய்யாதீர்கள், எந்த மென்பொருளும் அந்தச் சத்தத்தைச் சுத்தமாக எடுக்காது. பகுதிகளை வைக்க ஸ்பாட்டிஃபை தரும் இலவச இடமே ஆரம்பத்துக்குப் போதுமானது. புதுப் பகுதியைத் தானாக மற்றச் செயலிகளுக்கும் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் முகவரி அங்கே கிடைக்கும், அதை அந்தச் செயலிகளில் பதிந்துவிடலாம்.

இன்னொரு வேலை, பலரும் விட்டுவிடுவது. மன்னவனூர், கிளாவரை பக்கமெல்லாம் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒலிக்கோப்பை மோனோவில் 64 கேபிபிஎஸ் அளவில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். இருபது நிமிடம் பத்து எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டு, தோட்டத்தில் வேலை செய்தபடி கேட்பார்கள்.

ஆனால் வாட்ஸ்அப்பில் கை மாறும் கோப்பு எந்தக் கணக்கிலும் வராது. செயலி வழியாகக் கேட்டால்தான் எண்ணிக்கையில் ஏறும். ஆகவே ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பத்து நொடியில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லி, 'ஊர் பேரையும் பயிரையும் எழுதி அனுப்புங்க, வாராவாரம் நேரடியா அனுப்பறேன்' என்று கேளுங்கள். வருகிற ஒவ்வொருவரையும் ஒரு அட்டவணையில் எழுதுங்கள்: ஊர், பயிர், எத்தனை ஏக்கர், எப்போது சேர்ந்தார். பெயரும் எண்ணும் உங்களோடு இருக்கட்டும், ஸ்பான்சருக்குக் காட்டுவது கூட்டுத்தொகை மட்டும்தான். பின்னால் சொல்லப்போகும் விலைப்பேச்சுக்கெல்லாம் இந்த அட்டவணைதான் கைமுதல்.

இந்த நான்கு மாதத்தில் ஒரு பகுதிக்கு 80 முதல் 150 பேர் வந்தால் நன்றாகப் போகிறது என்று பொருள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது எந்த இடத்தில் கேட்பதை நிறுத்துகிறார்கள் என்பது. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் இதை வரைபடமாகவே காட்டும். முதல் இரண்டு நிமிடத்தில் பாதிப் பேர் போய்விட்டால் உங்கள் முன்னுரை நீளம். பேட்டி தொடங்கியதும் சரிந்தால், பேட்டி கொடுப்பவர் மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறார், பாதி காதில் விழவில்லை. இரண்டையும் சரிசெய்யாமல் ஸ்பான்சரைத் தேடிப் போக வேண்டாம், அவர் விளம்பரம் வருமுன்பே நேயர் போயிருப்பார்.

முதல் ஸ்பான்சர்: ஆகஸ்ட் மாதம்

யாரிடம் போவது என்பதைப் பயிர்க் காலண்டர்தான் சொல்லும். இந்த மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் மழைக்கு நட மிளகு நாற்று வாங்குபவர் ஆகஸ்ட், செப்டம்பரில் விசாரிக்கத் தொடங்குவார். அப்படியானால் நாற்றுப் பண்ணைக்காரரிடம் நீங்கள் ஜூலையில் பேசியிருக்க வேண்டும். காப்பிப் பழத்தோலை உரிக்கும் பல்ப்பரும் புல்வெட்டும் மெஷினும் பழுதுபார்க்கும் வத்தலகுண்டு கடைக்கு வேலை வருவது அக்டோபர், நவம்பரில், பழம் எடுப்புக்கு முன்னால். அவரிடம் ஆகஸ்டிலேயே பேசுங்கள். மலைக்காப்பியை நகரத்தில் வறுத்து விற்பவருக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை புதுக் காப்பி என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். தங்கும் விடுதிக்காரருக்கு ஏப்ரல், மே. பொதுவாக, சீசன் தொடங்க இரண்டு மாதம் முன்னால் பேசினால் அவர் யோசிக்க நேரம் இருக்கும். சீசனுக்குள் போனால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார், அதில் தப்பும் இல்லை, அவர் கல்லாவில் நிற்கும் நேரம் அது.

போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். அதில் மூன்று விஷயம் போதும். எத்தனை பேர் கேட்கிறார்கள், அதில் செயலி எவ்வளவு, வாட்ஸ்அப் எவ்வளவு என்று தனித்தனியாக. அவர்கள் எந்த ஊர், என்ன பயிர், என்பதற்கு உங்கள் அட்டவணையிலிருந்து எடுத்த கணக்கு. கடைசியாக, அவருக்கு நீங்கள் செய்யப்போவது என்ன. வாட்ஸ்அப் எண்ணிக்கையையும் செயலி எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டிப் பெரிதாக்கிக் காட்ட வேண்டாம். ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார், வியாபாரி அதைக் கேட்பார்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"எத்தனை பேர் தம்பி கேக்கறாங்க?"

"செயலியில வாரம் நூற்றைம்பது பேர்ண்ணே. வாட்ஸ்அப்ல பேர் கொடுத்தவங்க நூறு பேர். அதுல எழுபது பேர் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும். ஐம்பத்தைந்து பேர் மிளகு வெச்சிருக்காங்க."

"நோட்டீஸ் அடிச்சா ஐயாயிரம் பேருக்குப் போகுமே?"

"போகும்ண்ணே. அதுல எத்தனை பேர் மிளகு நடப்போறவங்க?"

இதற்குமேல் வாதாட வேண்டாம். அவருடைய வியாபாரக் கணக்கை அவர் முன்னாலேயே போடுங்கள். ஒரு நாற்றில் அவருக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி 200 நாற்று எடுத்தால் 1,600 ரூபாய். எட்டு பகுதிக்கு நீங்கள் கேட்பது 6,000 ரூபாய் என்றால், புதிதாக நான்கு விவசாயிகள் வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகும். மிளகு வைத்திருக்கும் ஐம்பத்தைந்து பேரில் நான்கு பேர் என்பது அவர் மனதுக்குள் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆயிரம் கேட்புக்கு இவ்வளவு என்பது அவருக்கு ஒட்டாத கணக்கு.

முதல் தடவை முழு விலை கேட்காதீர்கள். பாதி விலைக்கு, அதாவது 3,000 ரூபாய்க்கு, எட்டு வாரச் சோதனை என்று பேசுங்கள். ஆனால் இலவசமாகச் செய்யாதீர்கள். இலவசமாகப் போட்ட விளம்பரத்துக்கு வந்த வாடிக்கையாளரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, எண்ணாதவர் அடுத்த முறை காசு தரமாட்டார்.

எண்ணுவதற்கு ஒரு வழி கட்டாயம் வேண்டும். விளம்பரத்தில் ஒரு சொல்லைச் சொல்லுங்கள்: 'பாட்காஸ்ட் கேட்டு வந்தேன்னு சொன்னா நூறு நாற்றுக்கு ஐந்து நாற்று கூட'. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்து, அப்படிச் சொல்லி வருபவர்களைக் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே நேரில் போய் நோட்டைப் பாருங்கள். சொல்ல மறந்து வாங்கியவர்களும் இருப்பார்கள், ஆகவே நோட்டில் இருப்பது குறைந்தபட்சக் கணக்குதான்.

நான்கு வாரம் கழித்தும் நோட்டு வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? நேயர் எண்ணிக்கையை உடனே குறை சொல்லாதீர்கள். முதலில் உங்கள் வாட்ஸ்அப் நேயர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, விளம்பரத்தில் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். அவர்களுக்கு நினைவில்லை என்றால் விளம்பர வாசகம் சரியில்லை. நினைவிருக்கிறது, ஆனால் வாங்கவில்லை என்றால் காலம் தவறியிருக்கும், இல்லாவிட்டால் பண்ணை அவர்களுக்குத் தூரம். முதலாவதை மறுவாரமே மாற்றலாம். இரண்டாவது என்றால் மீதி நான்கு பகுதியைச் சரியான மாதத்துக்குத் தள்ளிக் கொடுக்கிறேன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரை வியாபாரி மறக்கமாட்டார்.

விளம்பரம் எப்படி ஒலிக்க வேண்டும்

முப்பது முதல் நாற்பது நொடி, உங்கள் சொந்தக் குரலில், பகுதியின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், முதலிலேயே வைத்தால் தள்ளிவிட்டுப் போவார்கள். இந்த மாதிரி:

"இந்தப் பகுதிக்குப் பணம் கொடுத்து உதவறது பண்ணைக்காடு ரோட்டுல இருக்கற ஒரு மிளகு நாற்றுப் பண்ணை. போன வாரம் நான் நேர்ல போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பையிலயும் வேர் நல்லா ஓடின கொடியா பார்த்துக் கொடுக்கறாங்க. நீங்களே பையைத் திருப்பி வேரைப் பார்த்துட்டு எடுத்துக்கலாம். பாட்காஸ்ட் கேட்டு வந்தேன்னு சொல்லுங்க, நூறுக்கு ஐந்து கூடத் தருவாங்க."

பண்ணையின் பெயரையும் எண்ணையும் மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள். நேரில் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

இது பணம் வாங்கிய விளம்பரம் என்பதை மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, ஒலி வடிவத்தில் இதைத் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் இடைவேளை விட்டால் அதன் முன்னும் பின்னும் சொல்ல வேண்டும். 'இந்தப் பகுதியில் விளம்பரம் உண்டு' என்று ஆரம்பத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி. சங்கடமாகத் தோன்றலாம், ஆனால் நேயர் இதற்காகக் கோபிப்பதில்லை. பின்னால் தெரியவந்தால்தான் கோபிப்பார்.

விவசாய நிகழ்ச்சிக்கு ஒரு கோடு தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உரக்கடை, மருந்துக்கடை ஸ்பான்சர் கண்டிப்பாக வருவார், நல்ல தொகையும் சொல்வார். கடையின் பெயரை மட்டும் சொல்வேன், எந்தப் பூச்சிமருந்தின் பெயரையும் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். காப்பியில் தண்டுத் துளைப்பான் பற்றி அந்த வாரம் பேசினால், அதே வாரம் மருந்துக்கடை விளம்பரம் வரக் கூடாது. மருந்து, அளவு என்று யாராவது கேட்டால், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கிருப்பவர்கள் சொன்னதைச் சொல்லுங்கள். இந்தக் கோட்டினால் ஒரு ஸ்பான்சர் போனால் போகட்டும். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் தோட்டம் கெட்டால், மலை முழுக்க அந்தச் சேதி ஒரே வாரத்தில் போய்விடும், அப்புறம் நாற்றுப் பண்ணைக்காரரும் வரமாட்டார்.

ஒப்பந்தம் என்பது ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால்கூடப் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை பகுதி, எந்தத் தேதி முதல், தொகை, பாதி முன்பணம், ஒரு வாரம் பகுதி வராவிட்டால் இலவசமாக ஒன்று கூட, அந்த சீசனில் வேறு நாற்றுப் பண்ணை விளம்பரம் எடுக்கமாட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் சிறு ஊர் வியாபாரிக்கு அதிகம் பிடிக்கும். போட்டிக் கடை வராது என்பதற்காகவே முழு விலை தருபவர்கள் உண்டு.

நேயரிடம் கேட்பது: பிப்ரவரிக்குப் பிறகு

முதல் நாளே க்யூஆர் குறியீட்டைப் போட்டுவிடும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. பத்துப் பகுதிகூடக் கேட்காதவரிடம் கேட்டால் தெரிந்தவர்கள் நான்கு பேர் மரியாதைக்கு அனுப்புவார்கள், அதோடு நின்றுவிடும். அடுத்த ஆண்டு கேட்கும்போது அந்த நான்கு பேரும் 'போன வருஷம் கொடுத்தாச்சே' என்பார்கள். ஒரு ஆண்டு தவறாமல் கொடுத்துவிட்டு, பழம் எடுப்பு முடிந்து காப்பிப் பணம் கைக்கு வரும் பிப்ரவரி, மார்ச்சில் முதல் தடவை கேளுங்கள்.

கேட்கும் விதத்தில் இரண்டு வகை நேயர் உண்டு. மலையில் இருப்பவருக்கு வருமானம் ஆண்டுக்கு ஓரிரு தடவைதான் வருகிறது. அவரிடம் மாதம் நூறு ரூபாய் தானாகப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் ஜூலையில் கணக்கில் பணம் இருக்காது, தவணை தவறும், அவருக்கும் சங்கடம். அவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை 500 ரூபாய் கேளுங்கள், சாதாரண யூபிஐ போதும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, அப்பாவின் தோட்டத்துக்காகக் கேட்பவர் இன்னொரு வகை. அவரிடம் மாதம் நூறு.

மாதாமாதம் தானாக வர யூபிஐ ஆட்டோபே வேண்டும், அதற்கு ஒரு கட்டண நிறுவனத்தில் கணக்குத் திறக்க வேண்டும். பான் அட்டை, வங்கிக் கணக்கு, நிகழ்ச்சியின் பக்கம் ஆகியவற்றைக் கேட்பார்கள், சரிபார்க்கச் சில நாள் ஆகும். அவர்களின் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும், கணக்குக்கு நூற்றுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது தலைவலி இல்லை.

பதினான்கு பேர் மாதத் திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டு முழுவதும் பதினான்கு பேரும் இருக்கமாட்டார்கள். கணக்கில் பணம் இல்லாமல் தவறும், சிலர் வங்கி மாற்றுவார்கள், சிலர் நிறுத்திவிடுவார்கள். ஆகவே சராசரி பதினொன்று என்றே கணக்குப் போடுங்கள். தவணை தவறியவருக்குத் தானியங்கிச் செய்தி போவதோடு விடாமல் நீங்களே ஒரு வரி எழுதுங்கள். நிறையப் பேர் நிறுத்த நினைத்து நிறுத்துவதில்லை, தவறியதே தெரிவதில்லை.

பதிலுக்கு என்ன கொடுப்பது? தனிப் பகுதிகள் செய்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள், அது வேலையை இரட்டிப்பாக்கும். மாதம் ஒருமுறை ஆதரவாளர்களின் கேள்விகளுக்கு ஒரு தோட்டக்காரரை வைத்துப் பதில் சொல்லும் வாட்ஸ்அப் அழைப்பு போதும். அதில் வரும் கேள்விகளே அடுத்த மாதப் பகுதிகளுக்கு விஷயமும் ஆகும்.

வெளிநாட்டு நேயர் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சேமிப்பில் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை உள்ள தமிழர் நன்கொடையாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரும், நம்மவர் என்பதால் விலக்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்டால், ஆடிட்டரிடம் பேசும்வரை வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் அந்தப் பேச்சு.

மூன்று ஆண்டுக் கணக்கு

முதல் ஆண்டு. உபகரணம் 10,000. மாதச் செலவு, பெட்ரோலும் டேட்டாவும் பேட்டிக்குப் போய்வரும் செலவும் சேர்த்து 3,500 என்றால் ஆண்டுக்கு 42,000. வரவு: நாற்றுப் பண்ணை சோதனை விலைக்கு 3,000, மெஷின் கடை 4,000. மொத்தம் 7,000. கையைவிட்டுப் போனது 45,000.

இரண்டாம் ஆண்டு. ஒரு பகுதிக்குச் செயலியில் 400 பேர், வாட்ஸ்அப்பில் தனியாக 300 பேர், ஆக 700 வழக்கமான நேயர் என்று வைப்போம். நாற்றுப் பண்ணை முழு விலைக்கு 6,000, மெஷின் கடை 6,000, காப்பி விற்பவர் நான்கு மாதத்துக்கு 16,000, விடுதி இரண்டு மாதத்துக்கு 8,000. ஸ்பான்சர் மொத்தம் 36,000. ஜூன், ஜூலையில் யாரும் இல்லை. நேயர் ஆதரவில் நூற்றுக்கு இரண்டு பேர் மாதத் திட்டம் என்றால் பதினான்கு பேர், சராசரி பதினொன்று, கட்டணம் போகச் சுமார் 12,900. ஆண்டுத் தொகை கொடுத்தவர்கள் இருபது பேர், 10,000. எல்லாம் சேர்த்து 58,900. செலவு 42,000 போக நிற்பது 16,900. மாதத்துக்கு 1,400 ரூபாய் என்று பாருங்கள். வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இது கூலியே இல்லை, இரண்டு ஆண்டையும் சேர்த்தால் இன்னும் 28,100 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். தோட்டமோ கடையோ வேலையோ பக்கத்தில் இருக்கிறவர்தான் இதை இழுத்துக்கொண்டு போக முடியும்.

மூன்றாம் ஆண்டில் நேயர் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறாது. மலையில் காப்பி வைத்திருப்பவர்கள் இவ்வளவுதான். வரவு கூடுவது ஸ்பான்சர்கள் திரும்ப வருவதால். விளம்பரம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே நோட்டுக் கணக்கோடு போய் அடுத்த ஆண்டைப் பேசுங்கள், முடிந்தபின் போனால் அவர் மனதில் அது முடிந்த விஷயம். திரும்பி வருபவருக்கு விலையை நாலில் ஒரு பங்கு கூட்டலாம், அதற்கு நோட்டில் உள்ள கோடுகள்தான் ஆதாரம். நேயர் கூட வேண்டுமானால் தலைப்பை அகலமாக்காமல் இடத்தை அகலமாக்குங்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சிறுமலையிலும் இதே காப்பியும் மிளகும் இருக்கின்றன. மாதம் ஒரு பகுதி அந்த மலைகளில் ஒன்றிலிருந்து பதிவு செய்தால் அங்கேயும் கேட்கத் தொடங்குவார்கள், நகரத்துக் காப்பி விற்பவருக்கும் உங்கள் நேயர் வட்டம் பெரிதாகத் தெரியும்.

இப்படிப் போனால் மூன்றாம் ஆண்டில் ஸ்பான்சர் 60,000, நேயர் ஆதரவு 40,000 என்பது எட்டக்கூடிய இலக்கு. பயணம் கூடுவதால் செலவு 45,000 ஆகும். மிஞ்சுவது 55,000. அதில் பழைய 28,100 கழிந்துவிட, கையில் நிற்பது 26,900.

இரண்டாம் ஆண்டின் முடிவில் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க இரண்டு எண்களைப் பாருங்கள். நான்கு ஸ்பான்சரில் குறைந்தது இரண்டு பேர் திரும்ப வந்தார்களா? ஆண்டுத் தொகை கொடுத்த இருபது பேரில் பத்துப் பேராவது மறுமுறை கொடுத்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் மூன்றாம் ஆண்டுக்குத் தயங்காமல் போகலாம். ஸ்பான்சர் திரும்பி, நேயர் திரும்பாவிட்டால் விளம்பரம் அதிகமாகிவிட்டது, பகுதிக்கு ஒன்று என்று குறையுங்கள். நேயர் திரும்பி, ஸ்பான்சர் திரும்பாவிட்டால் நிகழ்ச்சியில் குறையில்லை, தப்பான கடைகளைத் தப்பான மாதத்தில் பிடித்திருக்கிறீர்கள், பயிர்க் காலண்டரை எடுத்து மறுபடி உட்காருங்கள். இரண்டுமே திரும்பவில்லை என்றால் வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்றாக்கி, கைச்செலவைக் குறைத்து, விருப்பத்துக்காக நடத்துங்கள்.